இரக்கம் கேட்காதீர், நேரம் கேளுங்கள்!

தோட்டத்து ஆபீசிலோ ஸ்டோரிலோ வேலை செய்யும் நம்மவர் ஒருவர் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால், பேனா முதலில் எழுதும் சொல் "தயவு" என்பதாகவே இருக்கிறது. அடுத்து வருவது நோயின் வரலாறு. அதற்கடுத்து குடும்பத்தின் கஷ்டம். கடைசியில், இடமிருந்தால், என்ன வேண்டும் என்பது. இந்த வரிசை தலைகீழானது என்பதுதான் என் கட்சி. சம்பள உயர்வுக்கும் போனஸுக்கும் கூட்டமாக நின்று கேட்கத் தெரிந்த நாம், ஒரு தனி மனிதனின் அரை மணி நேரத்தைக் கேட்க வரும்போது மட்டும் கைகட்டி நின்று விடுகிறோம். அதனால் கேட்டது கிடைக்காமல் போவது மட்டுமன்று, இருப்பதற்கும் ஆபத்து வருகிறது. சமீபத்தில் என் கண்முன் நடந்த ஒரு காரியத்தைக் கொண்டு இதை விளக்குகிறேன். தோட்டத்தின் பெயரும் தோழரின் பெயரும் இங்கே வேண்டியதில்லை.

அண்ணன் ஒருவர், வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர், செக்ரோல் எழுதும் கிராணி. காலை 7 மணிக்கு ஆபீசில் உட்கார்ந்தால் 12 மணி வரை நாற்காலி. பால் வரும் நேரத்தில் நிறுவைக்கும் கைகொடுப்பார். 12 முதல் 1 வரை சாப்பாடு. 1 முதல் 4 வரை மறுபடியும் நாற்காலி. சனிக்கிழமை 7 முதல் 12 வரை. ஆக வாரத்துக்கு 45 மணி நேரம். ஒரு நாள் பெட்டி ஒன்றைத் தூக்கியபோது இடுப்பில் பிடித்தது. சில வாரங்களில் வலி இடது தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கியது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, அறுவைக்கு இப்போது அவசியமில்லை என்று சொல்லி, பிசியோதெரபி பகுதிக்கு அனுப்பினார்.

அங்கே சொன்னது எளிமையானது. நாள்தோறும் இருபது நிமிஷம் நடக்க வேண்டும். பிறகு பாயில் குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு, கைகளை ஊன்றி மார்பை மட்டும் மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும். ஒரு முறைக்குப் பத்துத் தடவை, சிறிது ஓய்வு, மறுபடியும் பத்து. எல்லாம் சேர்ந்து முப்பத்தைந்து நிமிஷம். பயிற்சி சரியாகப் பலிக்கிறதா என்று கண்டுகொள்ளும் அடையாளத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். கெண்டைக்கால் வலி மேலே ஏறித் தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஒடுங்கினால் நல்லது. அப்போது இடுப்பில் சற்று அதிகமாக வலித்தாலும் பயப்பட வேண்டாம். வலி இன்னும் கீழே பாதத்தை நோக்கி ஓடினால் நிறுத்திவிட்டுத் திரும்பி வர வேண்டும். பாதம் தொங்கினாலும், மலஜலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்தாலும், சிறுநீர் தன் வசத்தில் இல்லாமல் போனாலும் கடிதமும் வேண்டாம், இடைவேளையும் வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இது இப்படி எல்லோருக்கும் ஏற்ற பயிற்சி என்று எண்ணிவிட வேண்டாம். சிலருக்குக் குனிவதே சுகம், நிமிர்வதே வலி. அவர்களுக்கு வேறு பயிற்சி கொடுப்பார்கள். அண்ணனுக்குக் கொடுத்தது அண்ணனுக்கு.

ஏன் மத்தியானம்?

எந்த மானேஜரும் கேட்கும் முதற்கேள்வி இதுதான்: "வீட்டில் காலையிலோ மாலையிலோ செய்தால் ஆகாதா?" நியாயமான கேள்வி. இதற்குக் கடிதத்திலேயே விடையில்லை என்றால் கடிதம் அங்கேயே செத்தது.

அண்ணனின் விஷயத்தில் விடை இருந்தது. அவருடைய வலி படுக்கையில் பிறப்பதில்லை, நாற்காலியில் பிறக்கிறது. 7 மணிக்கு இடுப்பளவில் இருக்கும் வலி, ஐந்து மணி நேரம் உட்கார்ந்து 12 மணி ஆகும்போது கெண்டைக்காலுக்கு வந்துவிடும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தால் 4 மணிக்குக் கால் தரையில் ஊன்றாது. காலையிலும் மாலையிலும் பயிற்சி செய்யத்தான் செய்தார். ஆனால் நடுவில் இருக்கும் நீண்ட உட்காருதலை உடைக்காவிட்டால் காலையில் கட்டியதை மத்தியானம் இடித்துவிடுகிறது. ஆகவே பகலின் நடுவில் ஒரு முறை வேண்டும் என்பது பிசியோதெரபிக்காரரின் ஆலோசனை.

உள்ள ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இதை முடிக்க முதலில் முயன்றார். வீட்டுக்கு நடக்க ஐந்து நிமிஷம். சாப்பிட்ட வயிற்றோடு குப்புறப் படுக்க முடியாது. ஆகவே பயிற்சி முதலில், உணவு பிறகு. முப்பத்தைந்து நிமிஷப் பயிற்சி, வியர்வை கழுவப் பத்து நிமிஷம், போக வரப் பத்து நிமிஷம். சாப்பாட்டுக்கு மிச்சம் ஐந்து நிமிஷம்! ஒரு வாரம் பசியோடு ஓடிப் பார்த்து விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் கடிதம்.

முதற் கடிதம் செய்த கேடு

என்னைக் கேட்காமலே முதற் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் மூன்று பிழைகள் இருந்தன.

முதலாவது, "நரம்பு நோயால் மிகவும் அவதிப்படுகிறேன், உட்காரவே முடியவில்லை" என்று எழுதியிருந்தார். மனத்தில் உள்ளதைத்தான் எழுதினார். ஆனால் படித்த நிர்வாகத்தின் மனத்தில் எழுந்த கேள்வி "இடைவேளை கொடுக்கலாமா?" என்பதன்று, "உட்காரவே முடியாதவரைக் கிராணி வேலையில் வைத்திருக்கலாமா?" என்பது. வேலைக்குத் தகுதி உள்ளவரா என்று மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப நேரிடும் என வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. தோட்டத்தில் இதன் பொருள் என்ன என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் குடியிருப்பது வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் கூரையும் போகும். அன்றிரவு அண்ணி அழுதுகொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

இரண்டாவது, பால் நிறுவை முடிந்த பிறகு போவதே மரியாதை என்று எண்ணி, இடைவேளையை 1 மணிக்கு மாற்றித் தரும்படி கேட்டிருந்தார். நல்லெண்ணந்தான். ஆனால் 7 மணிக்கு வேலை ஏறியவர் 1 மணி வரை போனால் ஆறு மணி நேரம் ஆகிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60ஏ பிரிவுப்படி, அரை மணிக்குக் குறையாத ஓய்வு இல்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஆகவே "சட்டம் இடம் தராது" என்று ஒரே வரியில் கடிதம் திரும்பியது. மானேஜர் சொன்னது சரி! நம்மைக் காக்க வந்த சட்டத்தையே மீறும்படி நாமே கேட்டால், மறுப்பதற்கு அவருக்கு வேறு காரணம் எதற்கு?

மூன்றாவது, எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. முடிவில்லாத சலுகையை எந்த நிர்வாகமும் எளிதில் கொடுக்காது. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் என்றென்றைக்கும் கொடுக்க வேண்டிவரும் என்பதே அவர்களின் பயம்.

கடிகாரத்தை முன்னே வைத்தோம்

இரண்டாவது கடிதத்துக்கு நானும் அவரும் இரண்டு மாலைப் பொழுது உட்கார்ந்தோம். கடிதத்தை எழுதும் முன் ஒரு காகிதத்தில் நேரத்தை மட்டும் கணக்கிட்டோம்.

வேண்டியது ஒன்றரை மணி நேர இடைவேளை. இருப்பது ஒரு மணி. அதிகப்படியான அரை மணியை மாலையில் திருப்பித் தந்துவிடுவது, அதாவது 4 மணிக்குப் பதில் 4.30-க்கு வேலை முடிப்பது. இடைவேளை 11 மணிக்குத் தொடங்கினால் அதற்கு முன் நான்கு மணி நேர வேலை, 12.30 முதல் 4.30 வரை நான்கு, மொத்தம் எட்டு. 12 மணிக்குத் தொடங்கினால் முன் ஐந்து, 1.30 முதல் 4.30 வரை மூன்று, அப்போதும் எட்டு. ஆகவே 11-க்கும் 12-க்கும் நடுவே எப்போது தொடங்கினாலும் கணக்குச் சரி. 12-ஐத் தாண்டித் தொடங்கினால்தான் ஐந்து மணி நேர வரம்பு உடைகிறது. வேலை ஏறுவது முதல் இறங்குவது வரை, இடைவேளையும் சேர்த்து, ஒரு நாள் பத்து மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்பது அதே பிரிவின் இன்னொரு வரம்பு. 7 முதல் 4.30 வரை ஒன்பதரைதான், அதற்குள் அடங்குகிறது. சனிக்கிழமையில் மாற்றமே இல்லை. வாரக் கணக்கு 45 ஆகவே நின்றது. 2023 ஜனவரி 1 முதல் வார வரம்பு 48-லிருந்து 45-ஆகக் குறைந்திருப்பதால் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நெகிழ்வான இடைவேளை" என்று சொல்வது இதைத்தான். நமக்கு இஷ்டமான நேரத்தில் எழுந்து போவதன்று. இரு பக்கமும் வேலி போட்ட ஒரு மணி நேரத்துக்குள், வேலையின் சௌகரியத்தைப் பார்த்துத் தொடங்குவது. பால் அதிகமாக வரும் நாளில் 12 மணி. குறைந்த நாளில் 11 மணி.

மழை நாளுக்கு என்ன செய்வது என்று நானே ஒரு கேள்வி போட்டேன். பட்டை நனைந்திருந்தால் மரம் சீவத் தாமதமாகும். பாலும் தாமதமாக வரும். நிறுவை 12-ஐத் தாண்டிப் போகும். இதைக் கடிதத்தில் நாம் எழுதாவிட்டால் மானேஜர் எழுதுவார், மறுப்பாக. ஆகவே அத்தகைய நாளில் 11.30 முதல் 12 வரை அரை மணி மட்டும் எடுத்துக்கொண்டு உணவும் சிறு நடையும் முடிப்பது, பாய்ப் பயிற்சியை மாலையில் வீட்டில் செய்வது, அன்று வழக்கம்போல எட்டு மணி நேரம் நிறைந்ததும் வீடு போவது என்று வைத்தோம். 7 முதல் 11.30 வரை நாலரை, 12 முதல் 3.30 வரை மூன்றரை. அன்றைக்கு 3.30-க்கே எட்டு நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் இருக்கச் சொன்னால் அது மிகைநேரம், அதற்குரிய கூலி உண்டு. இதையும் அமைதியாக ஒரு வரியில் சேர்த்தோம்.

பிசியோதெரபிக்காரரிடம் வாங்கிய சீட்டிலும் கவனம் வைத்தோம். நோயின் பெயரை அதில் எழுத வேண்டியதில்லை என்று கேட்டுக்கொண்டோம். நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியவை நான்கே: எவ்வளவு நேரம், நாளில் எப்போது, எத்தனை வாரம், இதனால் வேலை செய்யத் தடை உண்டா இல்லையா. "நாள்தோறும் சுமார் 35 நிமிஷம், நீண்ட உட்காருதலுக்கு நடுவே, 12 வாரம், வழக்கமான ஆபீஸ் வேலைக்குத் தகுதியுள்ளவர், பளு தூக்குவதைத் தவிர்க்க வேண்டும்" என்று எழுதித் தந்தார். அந்த "தகுதியுள்ளவர்" என்ற ஒரு சொல் முதற் கடிதம் கிளப்பிய பூதத்தை அடக்கியது.

கடிதம் இதுதான்

மலாயில் எழுதிக் கொடுத்தோம். எல்லோருக்கும் விளங்கும் பொருட்டு இங்கே தமிழில் தருகிறேன்.

"மானேஜர் அவர்களுக்கு,

ஐயா,

பொருள்: 12 வாரத்துக்கு மத்தியான இடைவேளை நேரத்தில் மாற்றம் கோருதல்.

திங்கள் முதல் வெள்ளி வரை என் இடைவேளையை 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையே தொடங்கி ஒன்றரை மணி நேரமாக எடுத்துக்கொள்ளவும், அதற்கு ஈடாக 4.30 மணிக்கு வேலை முடிக்கவும் அனுமதி கோருகிறேன். என் நாள் வேலை நேரம் எட்டு மணியாகவும் வார வேலை நேரம் 45 மணியாகவும் மாறாமல் இருக்கும். 4 முதல் 4.30 வரை செய்யும் வேலைக்கு மிகைநேரக் கூலி கேட்கமாட்டேன். சனிக்கிழமையில் மாற்றம் இல்லை.

காரணம்: பிசியோதெரபி ஆலோசனைப்படி பகலின் நடுவே நாள்தோறும் பயிற்சி செய்ய வேண்டியுள்ளது. நீண்ட நேரம் உட்கார்வதை இடையில் உடைப்பதே இதன் நோக்கமாதலால் காலை மாலைப் பயிற்சி மட்டும் போதாது. சீட்டு இணைக்கப்பட்டுள்ளது. என் வழக்கமான ஆபீஸ் வேலையைச் செய்யத் தகுதியுள்ளவன் என அதில் குறிக்கப்பட்டுள்ளது.

ஆபீஸ் வேலை: பால் நிறுவை உள்ள நாட்களில் 12 மணிக்கே இடைவேளையைத் தொடங்குவேன். 11 மணிக்குத் தொடங்கும் நாட்களில் 12 வரை மற்றக் கிராணி கவனித்துக்கொள்ள இசைந்துள்ளார்; 12.30-க்கு நான் திரும்பிவிடுவேன். 12 மணிக்குத் தொடங்கும் நாட்களில் 1 மணிக்கு அவர் திரும்பிவிடுவார். மழையால் நிறுவை தாமதமாகும் நாளில் 11.30 முதல் 12 வரை அரை மணி மட்டும் எடுத்துக்கொண்டு, எட்டு மணி நேரம் நிறையும்போது வேலை முடிப்பேன்.

ஆறு வாரம் கழித்து இந்த ஏற்பாட்டைத் தங்களோடு சேர்ந்து சீர்தூக்கிப் பார்க்கவும், வேலைக்கு இடைஞ்சல் இருப்பின் திருத்திக்கொள்ளவும் இசைகிறேன்.

வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கான விண்ணப்பமாக இதை ஏற்று, எழுத்து மூலம் பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)"

இவ்வளவுதான். தயவு என்ற சொல் இல்லை, அதட்டலும் இல்லை. நோயின் பெயரும் இல்லை. முதல் வாக்கியத்திலேயே கேட்பது இன்னதென்று தெரிகிறது. மற்றக் கிராணியின் இசைவை எழுதும் முன் அவரிடம் நேரில் பேசி வாங்கினோம். இல்லாவிட்டால் நம் தோழனே நமக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிடுவான்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

கடைசி வாக்கியத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2022-ல் செய்யப்பட்டு 2023 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரம், வேலை நாள், வேலையிடம் ஆகியவற்றை மாற்றிக் கேட்டுத் தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். கிடைத்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் முதலாளி ஏற்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். முடிவை எழுத்தில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இது 60கியூ பிரிவு. ஆகவே கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை வாங்கினோம். மார்ச் 3 என்று முத்திரை விழுந்தது. மே 2-க்குள் பதில் என்று காலண்டரில் வட்டமிட்டோம். முத்திரை இல்லாத கடிதத்துக்கு அறுபது நாளை எங்கிருந்து எண்ணுவது?

ஆனால் இச்சட்டத்தைப் பெரிதாக எண்ணி ஏமாறவும் கூடாது. கேட்கும் உரிமையையும் பதில் பெறும் உரிமையையும் அது தருகிறது. கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. அன்றியும், கூட்டு ஒப்பந்தம் உள்ள இடத்தில் விண்ணப்பம் அந்த ஒப்பந்தத்துக்கு இசைவாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஒப்பந்தத்தில் இடைவேளை இன்ன நேரம் என்று கட்டி எழுதியிருந்தால் தனி மனிதன் எழுதும் கடிதம் அதில் போய் முட்டிக்கொள்ளும். ஆகவே எழுதும் முன் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். சபா, சரவாக் தோழர்கள் தங்களுக்குரிய தனிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

எழுத்தில் அனுமதி வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் வேலையிடத்திலிருந்து உணவுக்காக நேரே போய் வரும் வழியில் விபத்து நேர்ந்தால், அது சொக்சோ சட்டத்தில் வேலை விபத்தாகக் கருதப்படும். "அனுமதிக்கப்பட்ட" என்ற சொல்லைக் கவனியுங்கள். மானேஜர் கண்ணை மூடிக்கொண்டார் என்பதற்காக 11 மணிக்கு நழுவிப் போகிறவர் வழியில் விழுந்தால், அந்த நேரம் அனுமதிக்கப்பட்டது என்று எதைக் காட்டுவார்? வழியை விட்டு விலகினால் அந்தப் பாதுகாப்பும் விலகும். ஆகவே பயிற்சிக்காகச் சுற்றி நடக்கும் நடையை உணவு வழி என்று நம்பிவிடாமல், முதலில் நேரே வீடு போய், பிறகு வீட்டருகே பால்மர நிழலில் நடக்கும்படி அண்ணனுக்குச் சொன்னேன். உச்சி வெயிலில் லாரிச் சாலையில் நடப்பதைவிட அது எப்படியும் மேல்.

"கிராணிமாருக்குச் சரி, எங்களுக்கு?"

கிளைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மரம் சீவும் பெரியம்மா ஒருவர் எழுந்தார். "தம்பி, நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு வலித்தால் கடிதம். வாளி தூக்கித் தோள் போனால் என்ன எழுதுவது? எங்களுக்கு ஏது மத்தியான மணி?" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி.

மரம் சீவுகிறவர் விடியுமுன் ஏறி மத்தியானத்தோடு முடிப்பவர். கிராணியின் கடிதத்தை அவர் அப்படியே நகல் எடுத்தால் பயன் இல்லை. ஆனால் அவருடைய வேலையிலும் ஓர் இடைவெளி இயற்கையாகவே இருக்கிறது. நிரை முழுதும் சீவி முடித்த பிறகு, மங்கில் பால் சொட்டி நிற்கும்வரை காத்திருக்கும் நேரம். தோளுக்குச் சொல்லப்பட்ட பயிற்சியை அங்கே செய்யலாம். அவர் கேட்க வேண்டியது நீண்ட இடைவேளையன்று. அந்த இடைவெளியில் கட்டிப்பால் பொறுக்கு, மங்கு துடை என்று வேறு வேலை ஏவாதிருக்கும் உறுதி. பால் எடுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடக் கேட்கக் கூடாது. தாமதித்தால் மங்கிலேயே பால் உறைந்துவிடும், நட்டம் அவருக்கே. ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்ற சட்டம் கிராணிக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. கடிதத்தின் முறை ஒன்றுதான், கடிகாரம்தான் வேறு. அடுத்த ஞாயிறு பெரியம்மாவின் கடிதத்தை எழுத உட்காருகிறோம்.

அண்ணனுக்கு நாற்பதாவது நாள் பதில் வந்தது. 12 வாரம் சோதனையாக அனுமதி. பால் நிறுவை நாட்களில் 12-க்கு முன் போகக் கூடாது என்ற நிபந்தனை. அதைத்தானே நாமும் எழுதியிருந்தோம்! வலி முற்றும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கெண்டைக்காலை விட்டு இடுப்புக்கு ஏறியிருக்கிறது. 4.30-க்கு நடந்தே வீடு போகிறார். முன்பு மகன் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போவான்.

ஆனாலும் 12 வாரம் முடிந்ததும் அவர் மறுபடியும் கடிதம் எழுத வேண்டும், மறுபடியும் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியே கணக்குப் போட்டு எழுத வேண்டும் என்பது சங்கம் வைத்திருப்பவர்களுக்கு அழகன்று. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் ஒரு சிறு விதியை நம் தலைவர்கள் முன்வைக்க வேண்டும்: அரசாங்க ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிச் சீட்டு இருந்தால், சீட்டில் குறித்த காலம் வரை, நாள் வேலை நேரம் குறையாமல் இடைவேளையை நகர்த்தவும் நீட்டவும் அனுமதி, பதில் பதினான்கு நாளில். முதலாளிக்கு இதில் ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. அரை மணியை மாலையில் திருப்பித் தருகிறோம்.

அது வரும்வரை, கடிதம் எழுதப் போகும் தோழர்கள் பேனாவை எடுக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். முத்திரை வாங்க மறவாதீர்கள்.